போனில் இடம் நிரம்பிவிட்டதா? பெரிய வீடியோ, பழைய டவுன்லோடு, ஏபிகே கோப்புகளைத் தேடிப் பிடிக்கும் வழி

இடம் இல்லை என்று போன் சொன்னதும் எல்லோரும் கேலரியைத் திறந்து போட்டோக்களை ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பிப்பார்கள். அரை மணி நேரம் உட்கார்ந்து அழித்தாலும் கிடைப்பது 200 எம்பிதான் இருக்கும். ஒரு போட்டோ 3 அல்லது 4 எம்பி. கேமராவில் எடுத்த வீடியோவோ 1080p தரத்தில் இருந்தாலே நிமிடத்துக்குச் சுமார் 100 முதல் 130 எம்பி பிடிக்கும். 4K என்றால் பல போன்களில் நிமிடத்துக்கு 350 எம்பியை நெருங்கும். ஆகவே ஐந்து நிமிட 4K வீடியோ ஒன்றை அழித்துவிட்டால், நானூறு போட்டோக்களை அழித்த அளவுக்கு இடம் கிடைத்துவிடும்.

எதை அழிப்பது என்பதை அளவை வைத்து முடிவு செய்யுங்கள். அதற்கு ஃபைல்ஸ் ஆப் போதும்; கிளீனர் என்ற பெயரில் வரும் ஆப் எதையும் புதிதாகப் போட வேண்டாம். இங்கே நான் சொல்வது Files by Google ஆப்பை வைத்து. பல ஆண்ட்ராய்டு போன்களில் இது ஏற்கெனவே இருக்கும், இல்லாவிட்டால் பிளே ஸ்டோரில் இலவசம். சாம்சங் போனில் My Files இருக்கிறது. பெயர்கள் கொஞ்சம் மாறினாலும் வேலை ஒன்றுதான்.

உங்கள் போனில் என்ன கோளாறு தெரிகிறதோ, அந்தத் தலைப்பிலிருந்தே படிக்கத் தொடங்கலாம்.

கோளாறு 1: "இடம் போதவில்லை" என்று வருகிறது, இப்போதே வீடியோ எடுக்க வேண்டும்

ஆண்ட்ராய்டு பொதுவாக 500 எம்பிக்குக் கீழே போகும்போதுதான் எச்சரிக்கை காட்டும். அதாவது அந்த அறிவிப்பு வரும் நேரத்தில் போன் ஏறக்குறைய நிரம்பியாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் வந்த படம் இறங்காது, ஆப் அப்டேட் ஆகாது, கேமரா பாதியில் நின்றுவிடும்.

ஃபைல்ஸ் ஆப்பைத் திறந்து Clean பகுதிக்குப் போங்கள். சில பதிப்புகளில் அது திரையின் கீழே இருக்கும், சிலவற்றில் மேலே இடது மூலையில் உள்ள மூன்று கோடுகளைத் தொட்டால் வரும். அங்கே பல அட்டைகள் வரிசையாக இருக்கும். மேலே Junk files இருந்தால் அதைச் சுத்தம் செய்வதில் தவறில்லை. ஆனால் அதில் கிடைப்பது தற்காலிகக் கோப்புகள் மட்டுமே. ஆப்களைப் பயன்படுத்தப் பயன்படுத்தத் திரும்பவும் சேர்ந்துவிடும். நேரமில்லாதபோது அதைத் தாண்டி நேராக Large files அட்டைக்குப் போய்விடுங்கள்.

அதைத் திறந்ததும் போனில் உள்ள பெரிய கோப்புகள் எல்லாம் ஒரே பட்டியலாக வரும். எந்த ஃபோல்டரில் இருந்தாலும் சரி, கேமரா, வாட்ஸ்அப், டவுன்லோடு எல்லாம் கலந்தே இருக்கும். பட்டியல் அளவு வாரியாக இல்லை என்றால் வரிசைப்படுத்தும் குறியைத் தொட்டு Largest first என்று மாற்றிக்கொள்ளுங்கள். அந்த அட்டையே வரவில்லை என்றாலும் கவலை வேண்டாம். Browse பகுதியில் Videos என்பதைத் திறந்து அங்கேயும் இதே வரிசையை வைத்துக்கொள்ளலாம்.

இனி அழிக்கும் முன் கோப்பின் பெயரைப் படியுங்கள். பெயரைப் பார்த்தாலே அது எங்கிருந்து வந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

```
VID-20240114-WA0007.mp4
VID_20240114_183012.mp4
20240114_183012.mp4
PXL_20240114_130112345.mp4
```

முதல் பெயரில் WA என்று இருக்கிறதல்லவா, அது வாட்ஸ்அப் வழியாக வந்தது அல்லது அனுப்பியது. அடுத்த மூன்றும் போன் கேமராவில் எடுத்தவை: தேதி, பிறகு நேரம். சாம்சங்கில் தேதியிலேயே தொடங்கும், பிக்சலில் PXL என்று தொடங்கும். WA என்று இருப்பதை வேறு யாராவதும் வைத்திருக்க வாய்ப்பு உண்டு, கேட்டால் திரும்ப அனுப்புவார்கள். கேமரா வீடியோவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. உலகத்திலேயே அது ஒரே பிரதியாக இருக்கலாம். ஆகவே அவசரத்தில் கை வைக்க வேண்டியது முதல் வகையிலும், பார்த்து முடித்த சினிமாவிலும்தான்.

பெயரைப் பார்த்தும் சந்தேகமாக இருந்தால், கோப்பின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு File info பாருங்கள். எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முழுப் பாதையும் அங்கே வரும்.

ஒரு போனை எடுத்துப் பார்ப்போம்

அத்தையின் 64 ஜிபி போனில் 400 எம்பிதான் மிச்சம் இருந்தது. மகளின் வளைகாப்பு அடுத்த நாள். "போட்டோவெல்லாம் போயிடாதுல்ல தம்பி?" என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. அதனால் போட்டோ பக்கமே போகாமல் வேலையை முடிப்பது என்று வைத்துக்கொண்டேன்.

Large files பட்டியலில் மேலே இருந்தது, பேத்தியின் பள்ளி ஆண்டு விழா நடனம். ஆறு நிமிட 4K வீடியோ, 2.1 ஜிபி. அடுத்தது 1.3 ஜிபியில் ஒரு சினிமா. அது டெலிகிராமில் வந்து, `Download/Telegram` ஃபோல்டரில் உட்கார்ந்திருந்தது. யாரோ பார்த்து முடித்து மாதக்கணக்கில் ஆகிறது. மூன்றாவதாக 640 எம்பியில் கிரகப்பிரவேச வீடியோ. நான்காவதாகவும் அதே 640 எம்பி, அதே பெயர்.

இந்த மூன்றாவதும் நான்காவதும்தான் கவனிக்க வேண்டியவை. File info பார்த்தால் ஒன்று கேமரா ஃபோல்டரான `DCIM/Camera` உள்ளே இருக்கிறது. மற்றொன்று இங்கே:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Documents/Sent
```

நடந்தது இதுதான். தரம் குறையக் கூடாது என்று அந்த வீடியோவைக் குடும்பக் குழுவுக்கு டாக்குமென்டாக அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பும்போது வாட்ஸ்அப் தன் பங்குக்கு ஒரு பிரதியை Sent ஃபோல்டரில் வைத்துக்கொண்டது. சாதாரண வீடியோவாக அனுப்பினாலும் `WhatsApp Video/Sent` உள்ளே சுருக்கப்பட்ட பிரதி ஒன்று இருக்கும். மூலக் கோப்பு கேமரா ஃபோல்டரில் இருக்கும்வரை இந்தப் பிரதிகளை அழிப்பதால் எதுவும் போகாது. நான் முதலில் தேடுவதும் இந்த Sent ஃபோல்டரைத்தான். வருடக்கணக்கில் அனுப்பியதெல்லாம் அங்கே சேர்ந்துகிடக்கும், யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

அழிக்கும் முன் ஒரு சின்னச் சோதனை மட்டும் செய்யுங்கள். கேமரா ஃபோல்டரில் இருக்கும் மூல வீடியோவைத் திறந்து, நடுவிலும் கடைசியிலும் தொட்டு ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் பிரதியை அழிக்கலாம்.

சினிமாவும் பிரதியும் சேர்ந்து ஏறக்குறைய 1.9 ஜிபி. இரண்டையும் அழுத்திப் பிடித்துத் தேர்வு செய்து அழித்தாயிற்று. Settings போய் Storage பார்த்தால் மிச்சம் அதே 400 எம்பி. ஒரு எம்பிகூடக் கூடவில்லை.

கோளாறு 2: அழித்தும் இடம் கூடவில்லை

இதில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். அழித்த கோப்பு உண்மையில் போகவில்லை, குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கிறது. அழிக்கும்போது வரும் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். Move to Trash என்றால் கோப்பு 30 நாள் போனிலேயே இருக்கும், அத்தனை நாளும் அதே இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்டு 11 முதல் இது போனின் அமைப்பிலேயே இருக்கிறது. கோப்பின் பெயருக்கு முன்னால் `.trashed-` என்றும் ஓர் எண்ணும் சேர்த்து மறைத்துவைப்பதைத் தவிர வேறு எதுவும் நடப்பதில்லை.

ஃபைல்ஸ் ஆப்பின் மெனுவில் Trash இருக்கிறது. அதைத் திறந்து, வேண்டியது எதுவும் தவறிப்போய் அங்கே வந்திருக்கிறதா என்று ஒரு முறை கண்ணை ஓட்டுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் தேர்வு செய்து Delete கொடுங்கள். அத்தையின் போனில் இதைச் செய்த பிறகுதான் 400 எம்பி 2.3 ஜிபி ஆனது.

குப்பைத் தொட்டி ஒன்று மட்டும் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கூகுள் போட்டோஸில் அழித்தால் அங்கே இருக்கும் தொட்டிக்குப் போகும். பேக்கப் ஆனவை 60 நாளும், பேக்கப் ஆகாதவை 30 நாளும் அதில் இருக்கும். சாம்சங் கேலரிக்குத் தனித் தொட்டி, My Files ஆப்புக்குத் தனித் தொட்டி. எந்த ஆப்பில் அழித்தீர்களோ அந்த ஆப்பின் தொட்டியைத்தான் காலி செய்ய வேண்டும்.

இங்கே ஒரு பெரிய எச்சரிக்கை. ஃபைல்ஸ் ஆப்பில் அழிப்பதும் கூகுள் போட்டோஸில் அழிப்பதும் ஒன்றல்ல. ஃபைல்ஸ் ஆப்பில் அழிப்பது போனில் இருக்கும் கோப்பை. போட்டோஸில் குப்பைத் தொட்டிக் குறியைத் தொட்டால் போனில் இருப்பதோடு கணக்கில் பேக்கப் ஆனதும் சேர்ந்தே போகும். போனில் மட்டும் நீக்க வேண்டும் என்றால் அங்கே Delete from device என்ற தனி வசதி இருக்கிறது, அல்லது Free up space கொடுக்கலாம். பேக்கப் ஆனதை மட்டும்தான் அது போனிலிருந்து நீக்கும்.

கோளாறு 3: அழிக்க மனமில்லாத வீடியோதான் இடத்தைப் பிடித்திருக்கிறது

அத்தையின் போனில் மிச்சம் இருந்த 2.1 ஜிபி நடன வீடியோ இந்த வகை. பேக்கப் ஆகியிருக்கும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். நம்பிக்கையில் அழிக்கக் கூடாது. கூகுள் போட்டோஸில் அந்த வீடியோவைத் திறந்து மேல்நோக்கித் தள்ளினால் விவரங்கள் வரும், அதில் Backed up என்று இருக்கிறதா பாருங்கள். இன்னும் உறுதியான வழி, வேறொரு போனிலோ கம்ப்யூட்டரிலோ அதே கணக்கில் `photos.google.com` திறந்து வீடியோவை ஓடவிட்டுப் பார்ப்பது. அங்கே ஓடினால் போனில் இருப்பதை எடுத்துவிடலாம்.

பலருக்கும் பேக்கப் பாதியில் நின்றிருக்கும். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடம் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொது. அது நிரம்பியதும் புதிதாக எதுவும் மேலே போகாது, பழையது மட்டும் அங்கே இருக்கும். இன்னொன்று, வழக்கமாகப் பேக்கப் ஆவது கேமரா ஃபோல்டர் மட்டும்தான். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோக்களுக்குப் பேக்கப் வேண்டுமென்றால் அந்த ஃபோல்டரை நீங்களே இயக்கியிருக்க வேண்டும். "எல்லாம் கூகுளில் இருக்கிறது" என்று எண்ணி வாட்ஸ்அப் ஃபோல்டரைத் துடைத்துவிடாதீர்கள்.

பேக்கப் இல்லை, இணையமும் மெதுவாக இருக்கிறது என்றால் யுஎஸ்பி கேபிள் போட்டுக் கம்ப்யூட்டருக்கு நகலெடுப்பதுதான் வேகமான வழி. போனில் வரும் அறிவிப்பைத் தொட்டு File transfer என்று மாற்றினால்தான் கம்ப்யூட்டரில் ஃபோல்டர்கள் தெரியும். வெட்டி ஒட்ட வேண்டாம், நகலெடுங்கள். நகல் முடிந்ததும் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு போனில் அழியுங்கள். வெட்டி ஒட்டும்போது கேபிள் நழுவினால் இரண்டு பக்கமும் அரைகுறையாக நிற்கும் ஆபத்து உண்டு.

மெமரி கார்டு போட்ட போன் என்றால் ஃபைல்ஸ் ஆப்பிலேயே கோப்பைத் தேர்வு செய்து கார்டுக்கு மாற்றலாம். FAT32 முறையில் அமைத்த கார்டாக இருந்தால் 4 ஜிபியை எட்டும் ஒற்றைக் கோப்பு அதில் ஏறாது. சிறிய கோப்புகள் போகின்றன, ஒரு பெரிய வீடியோ மட்டும் திரும்பத் திரும்பத் தோற்கிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

கோளாறு 4: வீடியோ அதிகம் இல்லை, ஆனால் டவுன்லோடு ஃபோல்டர் பெருத்துக் கிடக்கிறது

Browse பகுதியில் Downloads திறந்து, இங்கேயும் முதலில் Largest first வைத்துக்கொள்ளுங்கள். மேலே வரும் பத்துப் பதினைந்து கோப்புகளில்தான் விஷயம் இருக்கிறது. கீழே நூற்றுக்கணக்கில் பிடிஎஃப் கிடந்தாலும் எல்லாம் சேர்ந்து சில நூறு எம்பிதான் வரும். அவசரத்துக்கு அவற்றைத் தொடவே வேண்டாம்.

மேலே பெரும்பாலும் வருபவை மூன்று வகை. பார்த்து முடித்த சினிமா, சீரியல் பகுதிகள். அடுத்து ஜிப் கோப்புகள். ஜிப்பைப் பிரித்ததும் உள்ளே இருந்தவை தனி ஃபோல்டரில் வந்துவிடும், ஆனால் ஜிப்பும் அப்படியே கிடக்கும். ஒரே பொருளுக்கு இரண்டு மடங்கு இடம். பிரித்த ஃபோல்டர் சரியாகத் திறக்கிறது என்றால் ஜிப்பை அழித்துவிடலாம். ஃபைல்ஸ் ஆப்பிலேயே பிரித்தால், முடிந்ததும் ஜிப்பை அழிக்கவா என்று அதுவே கேட்கும். மூன்றாவது வகை ஏபிகே, அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

பெயரின் கடைசியில் (1), (2) என்று இருப்பவை ஒரே கோப்பைத் திரும்பத் திரும்ப இறக்கியதால் வந்தவை. முதல் முறை இறங்கியது எங்கே போனது என்று தெரியாமல் மறுபடி இறக்குவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. Clean பகுதியில் இதற்கென்றே Duplicate files அட்டை உண்டு. அதில் ஒவ்வொரு ஜோடியிலும் எது மூலம் என்று குறி காட்டும். காட்டியதை அப்படியே நம்பாமல் ஒரு முறை பார்த்துவிட்டு அழியுங்கள்.

பழைய டவுன்லோடுகளை மொத்தமாகத் தேர்வு செய்து அழிப்பதை மட்டும் செய்யவே கூடாது. அந்த ஃபோல்டரில்தான் ஆதார் பிடிஎஃப், வங்கி ஸ்டேட்மென்ட், இன்சூரன்ஸ் பாலிசி, ஹால் டிக்கெட், மருத்துவப் பரிசோதனை ரிப்போர்ட் எல்லாம் கிடக்கும். பழையது என்பதால் தேவையில்லாதது என்று ஆகாது. மூன்று வருடத்துக்கு முந்தைய ஸ்கேன் ரிப்போர்ட்டை இந்த வருடம் டாக்டர் கேட்கலாம். நேரம் இருக்கும்போது இவற்றைத் தனியாக ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் நகர்த்திவிடுங்கள். `Documents` ஃபோல்டர் ஏற்கெனவே இருக்கிறது, அதற்குள் வைத்தால் போதும். அதன் பிறகு டவுன்லோடு ஃபோல்டரைச் சுத்தம் செய்யும்போது கை நடுங்காது.

பாதியில் நின்ற டவுன்லோடும் இடம் பிடிக்கும். 1 ஜிபி இறக்கும்போது 700 எம்பியில் நெட் போனால், அந்த அரைகுறைக் கோப்பு `.pending-` என்று தொடங்கும் பெயரில் மறைந்து கிடக்கலாம். ஃபைல்ஸ் ஆப்பின் Settings உள்ளே Show hidden files இயக்கினால் தெரியும். டவுன்லோடு எதுவும் ஓடவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு இந்தப் பெயரில் உள்ளதை அழிக்கலாம். புள்ளியில் தொடங்கும் மற்றக் கோப்புகளைத் தொடாதீர்கள். வேலை முடிந்ததும் அந்த வசதியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் வேறு யாராவது தெரியாமல் எதையாவது நீக்கிவிடுவார்கள்.

கோளாறு 5: ஏபிகே கோப்புகள் கிடக்கின்றன, அழித்தால் ஆப் போய்விடுமோ என்று பயம்

போகாது. ஏபிகே என்பது ஆப்பை நிறுவுவதற்கான கோப்பு. நிறுவி முடிந்ததும் போன் அதற்குத் தேவையானதைத் தன் தனி இடத்துக்கு எடுத்துக்கொள்ளும். டவுன்லோடு ஃபோல்டரில் மிச்சம் இருக்கும் ஏபிகேயால் ஆப்புக்கு எந்தப் பயனும் இல்லை. சோற்றை வடித்துப் பரிமாறிய பிறகு அரிசிப் பையைத் தூக்கிப் போடுவதால் இலையில் இருப்பது குறையாது.

பிளே ஸ்டோர் வழியாகப் போட்ட ஆப்களுக்கு இப்படிக் கோப்பு மிஞ்சாது. பிரவுசரில் இறக்கியது, டெலிகிராமில் வந்தது, நண்பரின் போனிலிருந்து வாங்கியது ஆகியவைதான் மிஞ்சும். Browse பகுதியில் Apps திறந்தால் மேலே இரண்டு பிரிவு இருக்கும். ஒன்றில் நிறுவிய ஆப்கள், மற்றொன்றான App files என்பதில் இந்த ஏபிகே கோப்புகள். சாம்சங்கில் My Files முகப்பிலேயே இதற்குத் தனிப் பிரிவு உண்டு. `.xapk`, `.apks` என்று முடிபவையும் இதே இனம்தான், ஆனால் சில நேரம் அந்தப் பட்டியலில் வராது. தேடல் பெட்டியில் apk என்று தட்டினால் அவையும் அகப்படும். கேம் ஒன்றை இப்படி இறக்கியிருந்தால் அந்தக் கோப்பு மட்டுமே 1 ஜிபியைத் தாண்டலாம்.

பட்டியலில் விரலை வைக்கும்போது கவனம் வேண்டும். தேர்வு செய்ய அழுத்திப் பிடிக்க வேண்டும். சும்மா தொட்டால் நிறுவவா என்று கேட்கும். அப்படிக் கேட்டால் Cancel கொடுத்து வெளியே வந்துவிடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராத சலான், வங்கி கேஒய்சி என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் ஏபிகே அனுப்பிப் பணம் பறிக்கும் மோசடி நம் நாட்டில் பரவலாக நடக்கிறது, போலீஸும் பலமுறை எச்சரித்திருக்கிறது. தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரும், ஏனென்றால் அவருடைய போனும் அதே வழியில் சிக்கியிருக்கும். பத்திரிகை என்றால் அது படமாகவோ பிடிஎஃப்பாகவோதான் வரும், `.apk` என்று முடியாது. இப்படிப்பட்ட பெயரில் ஒன்று உங்கள் பட்டியலில் இருந்தால் திறந்து பார்க்காமல் அழித்துவிடுங்கள்.

ஆனால் அதை ஏற்கெனவே யாராவது தொட்டு நிறுவியிருந்தால் கோப்பை மட்டும் அழிப்பதால் ஒன்றும் ஆகாது. ஏபிகேயை அழித்தால் ஆப் போகாது என்று சொன்னேனே, அதே விதி இங்கே நமக்கு எதிராக நிற்கிறது. Settings உள்ளே Apps பட்டியல் முழுவதையும் பார்த்து, நீங்கள் போடாத ஆப் இருந்தால் நீக்க வேண்டும். நெட்டை அணைத்துவிட்டு இதைச் செய்யுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள்.

கோளாறு 6: எல்லாம் அழித்தும் போன் நிரம்பியே இருக்கிறது, ஃபைல்ஸ் ஆப்பில் பெரிதாக எதுவும் இல்லை

Settings, Storage போய் அங்கே காட்டும் பிரிவுகளைப் பாருங்கள். Videos குறைவாகவும் Apps மிக அதிகமாகவும் இருந்தால், இடம் ஆப்களுக்குள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு 11 முதல் ஓர் ஆப்பின் தனி ஃபோல்டரை வேறு ஆப் பார்க்க முடியாதபடி கட்டுப்பாடு வந்துவிட்டது. `Android/data` உள்ளே இருப்பது ஃபைல்ஸ் ஆப்பின் கண்ணுக்குத் தெரியாது. அதனால் Large files பட்டியலிலும் வராது.

பெரும்பாலும் டெலிகிராம்தான் இதற்குக் காரணம். பார்த்த ஒவ்வொரு வீடியோவையும் அது உள்ளே சேர்த்துவைத்திருக்கும். டெலிகிராமின் Settings, Data and Storage, Storage Usage என்று போனால் எத்தனை ஜிபி என்று தெரியும். அங்கேயே காலி செய்யலாம், சேனலில் இருக்கும் வீடியோ போகாது, வேண்டும்போது மறுபடி இறங்கும். அதே பக்கத்தில் எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்பதையும் குறைத்துவிடுங்கள். யூடியூபில் ஆஃப்லைனுக்காகச் சேமித்தவற்றையும் யூடியூபுக்குள் போய்த்தான் நீக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பை இரண்டு வழியிலும் பிடிக்கலாம். அதன் Settings, Storage and data, Manage storage போனால் 5 எம்பிக்கு மேற்பட்டவை, பலமுறை ஃபார்வர்டு ஆனவை என்று பிரித்தே காட்டும். எந்தக் குழு எவ்வளவு பிடிக்கிறது என்பதும் வரிசையாக வரும். இங்கே அழித்தால் சாட்டில் இருக்கும் அந்த மெசேஜும் சேர்ந்து போகும். ஃபைல்ஸ் ஆப்பில் அழித்தால் கோப்பு மட்டும் போய், சாட்டில் மங்கலான படம் நிற்கும். வாட்ஸ்அப் ஃபோல்டருக்குள் `Databases` என்று ஒன்று இருக்கிறது. `.crypt15` என்பது போல முடியும் கோப்புகள் அதில் கிடக்கும். அவை உங்கள் சாட் பேக்கப். பெரியதாகத் தெரிகிறதே என்று அங்கே கை வைக்காதீர்கள்.

கோளாறு 7: சுத்தம் செய்த ஒரே வாரத்தில் மறுபடி நிரம்பிவிட்டது

அத்தையின் போனில் இதைத் தடுக்க இரண்டு இடத்தில் மாற்றினேன். வாட்ஸ்அப்பில் Storage and data உள்ளே Media auto-download என்ற பகுதி இருக்கிறது. அங்கே மொபைல் டேட்டா, வைஃபை இரண்டுக்கும் Videos, Documents என்பவற்றின் டிக்கை எடுத்துவிட வேண்டும். வைஃபையை மறந்துவிடுவார்கள், வீட்டில் வைஃபை இருந்தால் இரவெல்லாம் குழு வீடியோக்கள் தானாக இறங்கிக்கொண்டே இருக்கும். Media visibility என்று இன்னொரு வசதி உண்டு. அதை அணைத்தால் இடம் மிஞ்சும் என்று பலர் நினைக்கிறார்கள். அது கேலரியில் தெரியாமல் மறைப்பது மட்டும்தான், கோப்பு இறங்கத்தான் செய்யும்.

இரண்டாவது, கேமரா அமைப்பில் வீடியோ தரத்தை 4K-யிலிருந்து 1080p-க்கு மாற்றியது. போனிலும் டிவியிலும் பார்க்க அது தாராளம். அங்கேயே HEVC அல்லது H.265 என்ற தேர்வு இருந்தால் அதையும் இயக்கலாம், அதே தரத்துக்கு ஏறக்குறைய பாதி இடம்தான் பிடிக்கும். ரொம்பப் பழைய கம்ப்யூட்டரிலோ டிவியிலோ அந்த வீடியோ ஓடாமல் போகலாம். அத்தை வீட்டு டிவியில் பென்டிரைவ் போட்டு வீடியோ பார்க்கும் வழக்கம் இருந்ததால், அந்தத் தேர்வை மட்டும் தொடாமல் விட்டேன்.

போனே 32 ஜிபிதான் என்றால் இந்த மாற்றங்களுக்கும் ஓர் எல்லை உண்டு. ஆண்ட்ராய்டும் அதனோடு வரும் ஆப்களும் அதில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும், அதைக் குறைக்க நம்மால் முடியாது. மேலே சொன்னதையெல்லாம் செய்த பிறகும் 2 ஜிபிகூட மிஞ்சவில்லை என்றால், Clean பகுதியில் Unused apps அட்டையைத் திறந்து மாதக்கணக்கில் தொடாத ஆப்களை நீக்குங்கள். அதிலும் நடக்கவில்லை என்றால் வீடியோக்களை மெமரி கார்டுக்கு மாற்றிவிட்டு, கேமராவின் அமைப்பில் சேமிக்கும் இடத்தையும் SD card என்று மாற்றிவிட வேண்டியதுதான்.